கும்மி மெட்டுக்குப் புதிய வரிகள்: எழுத்தெண்ணிப் பாட்டெழுதுவது குறித்து ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகள்

பள்ளி ஆண்டு விழாவுக்குக் கும்மி மெட்டில் மழைநீர் பற்றி ஒரு பாட்டு வேண்டும். மெட்டு தெரியும், பாட்டெழுதிப் பழக்கமில்லை. எங்கே தொடங்குவது?

சொற்களை ஒதுக்கிவைத்துவிட்டு மெட்டின் வெற்றுக் கட்டங்களை முதலில் வரைந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்த பழைய பாட்டின் ஒரு வரியைக் கைதட்டிக்கொண்டே பாடுங்கள். பிறகு அதே வரியைச் சொற்கள் இல்லாமல் "தகிட தகிட" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். கும்மி மெட்டுகளில் பெரும்பாலானவை தகிடவுக்குள் அடங்கிவிடும். ஒரு தட்டுக்கு மூன்று இடம், "த" வரும்போது கை தட்டும், "கிட" வரும்போது கை விரியும். தெரிந்த மெட்டு "தகதிமி" என்று நான்காக ஓடினால், அது வேறு நடை. அதற்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

பரவலாகப் பாடப்படும் கும்மியில் ஓர் அடிக்கு எட்டுத் தட்டு. முதல் அரையடிக்கு நான்கு, இரண்டாம் அரையடிக்கு நான்கு. கடைசித் தட்டில் மட்டும் ஓர் எழுத்துதான் இருக்கும். அது மூன்று இடத்தையும் நிரப்பும்படி நீளும், அல்லது நீண்டு நின்று மூச்சுக்கு இடம் கொடுக்கும். தாளில் இப்படி வரும்:

தகிட | தகிட | தகிட | தகிட
தகிட | தகிட | தகிட | தா

முதல் அரையடியில் 12 எழுத்து, இரண்டாவதில் 10 எழுத்து, மொத்தம் 22. இந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. உங்கள் ஊர் மெட்டில் எங்காவது ஓர் எழுத்து இரண்டு இடத்துக்கு நீண்டாலும், ஓர் இடத்தில் இரண்டு எழுத்து ஓடினாலும், கட்டத்தில் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டம் நீங்கள் பாடும் மெட்டிலிருந்துதான் வர வேண்டும், பிறர் எழுதிய குறிப்பிலிருந்து அல்ல.

எதை ஓர் எழுத்து என்று எண்ணுவது? புள்ளி வைத்த எழுத்தும் சேருமா?

சேராது. உயிர், உயிர்மெய் மட்டும் கணக்கில் வரும். மெய்யெழுத்து முன்னால் நிற்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். "ஏரி" இரண்டு, "வெள்ளம்" இரண்டு, "வாய்க்கால்" இரண்டு, "மழை" இரண்டு, "பெய்தது" மூன்று. குறிலும் நெடிலும் ஒரே கணக்கு. குற்றியலுகரமும் முழு எழுத்தாகவே எண்ணப்படும். பேச்சில் "து", "டு" பாதி விழுங்கப்பட்டாலும் பாட்டில் அவற்றுக்கு ஓர் இடம் உண்டு.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்றுதானே படித்தோம்? அந்தக் கணக்கு எதற்கும் உதவாதா?

எழுத்தின் இயல்பான நீளத்தை அது சொல்கிறது. கும்மியில் எழுத்தின் நீளத்தைத் தீர்மானிப்பது மெட்டு. "பெய்தது" என்பதை மாத்திரையில் கூட்டினால் மூன்றரை வரும். "வாய்க்கால் வ" என்பதைக் கூட்டினால் ஆறரை வரும். இரண்டும் ஒரே தட்டுக்குள் மூன்று எழுத்தாக அமர்ந்துவிடுகின்றன. மாத்திரையைக் கொண்டு வரியமைக்கப் போனால் நன்றாகப் பாட வரும் வரிகளைக்கூடத் தள்ளிவிடுவீர்கள்.

ஆனாலும் இரண்டு இடங்களில் மாத்திரையைப் பார்த்தே ஆக வேண்டும். முதலாவது, மெட்டு நீளும் இடம். அங்கே குறில் அமர்ந்தால் அது நெடிலாகிப் பொருள் மாறும். ஓர் எழுத்தை இரண்டு இடத்துக்கு நீட்டும் மெட்டில் அந்த இடத்தில் "மலை" என்ற சொல்லின் முதலெழுத்து வந்தால், கேட்பவர் காதில் "மாலை" என்றே விழும். "விடு" என்பது "வீடு" ஆகும். நீளும் இடத்தில் நெடிலையோ, "வோம்", "கள்", "நீர்" போல ஒற்றில் முடியும் எழுத்தையோ வையுங்கள். கடைசித் தட்டில் வரும் "டி" நீண்டு "டீ" ஆவது மரபு. அது கூப்பிடும் ஓசையாகவே கேட்பதால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது, நெடில்கள் நெருங்கும் இடம். ஒரு தட்டின் மூன்று இடமும் நெடிலாக இருந்தால் பாட முடியும். அடுத்தடுத்த இரண்டு தட்டுகள் அப்படி வந்தால் எண்ணிக்கை சரியாக இருந்தும் பாட்டு இழுபடும். வேகமாகச் சுற்றி வரும்போது சிறு பிள்ளைகளின் நாக்கு அதற்கு வளைந்து கொடுக்காது. இடையில் ஒரு குறில் இருக்கட்டும்.

எண்ணிப் பார்த்தால் எழுத்து சரியாக இருக்கிறது. பாடும்போது மட்டும் நொண்டுகிறது. என்ன காரணம்?

தட்டு விழும் எழுத்தைப் பாருங்கள். எண்ணிக்கை சரியாக இருப்பது முதல் சோதனைதான். ஒவ்வொரு தட்டிலும் எந்த எழுத்து விழுகிறது என்பது அதைவிடப் பெரிய சோதனை. தட்டு விழும் எழுத்துதான் கேட்பவருக்கு ஓங்கி ஒலிக்கும். அந்த இடத்தில் சொல் தொடங்குவதாகவே காது எடுத்துக்கொள்ளும்.

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துப் பள்ளியில் ஏரி என்பதைவிடக் கண்மாய் என்பதுதான் பிள்ளைகளின் சொல். "எங்கள் கண்மாய்க் கரையினிலே" என்று எழுதினால் ஒன்பது எழுத்து, மூன்று தட்டு. கணக்கில் குறையே இல்லை. கட்டத்தில் வைத்தால் இப்படி வரும்:

எங் கள் கண் | மாய்க் க ரை | யி னி லே

இரண்டாவது தட்டு "மாய்" மேல் விழுகிறது. கண்மாய் இரண்டாகப் பிளந்து, "மாய்" என்ற கெட்ட சொல் தனியாக ஓங்கி ஒலிக்கிறது. அடுத்த தட்டோ "யி" என்ற சாரியை எழுத்தின் மேல் வீணாகிறது. இதற்கு மருந்து ஒரே எழுத்துதான். "எங்கள்" என்பதை "எங்களின்" ஆக்கி, கடைசியில் ஓர் எழுத்தைக் குறைத்துவிடுங்கள்:

எங் க ளின் | கண் மாய்க் க | ரை யி லே

அதே ஒன்பது எழுத்து. "எங்", "கண்", "ரை" ஆகியவற்றின் மேல் தட்டு விழுகிறது. கண்மாய் முழுச் சொல்லாக நிற்கிறது. "கரை" என்பதன் "க" முந்தைய தட்டின் கடைசி இடத்தில் அமர, "ரை" தட்டில் விழுவது காதை உறுத்தாது. குறிலில் தொடங்கும் சொல்லின் இரண்டாம் எழுத்தில் தட்டு விழுவது கும்மியின் இயல்பான ஓட்டம். விகுதியின் மேலோ, பிரிந்தால் வேறு பொருள் தரும் துண்டின் மேலோ தட்டு விழும்போதுதான் நொண்டல் தெரியும்.

செய்தியிலிருந்து வரி எப்படி உருவாகிறது என்று ஒன்றை முழுவதுமாகச் செய்து காட்டுங்கள்.

தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயம். பள்ளியிலும் அதைச் சொல்லும் நிகழ்ச்சிகள் நிறைய நடக்கின்றன. வழக்கமாக ஆசிரியர் தாளில் முதலில் எழுதும் வாசகம் "மழைநீர் சேகரிப்புத் தொட்டி அமைக்க வேண்டும்" என்றிருக்கும். கட்டத்தில் போடுவோம்:

ம ழை நீர் | சே க ரிப் | புத் தொட் டி | அ மைக் க | வேண் டும்

14 எழுத்து, ஐந்து தட்டு. அரையடிக்கு 12தான் இடம். இரண்டு எழுத்தை வெட்டினால் போதும் என்று தோன்றும். அப்படி வெட்டிப் பயனில்லை. இந்த வாக்கியத்தில் பிள்ளைகள் கண்ணால் காணக்கூடியது எதுவும் இல்லை. "சேகரிப்பு", "அமைக்க", "வேண்டும்" மூன்றும் சுற்றறிக்கையின் சொற்கள். "சேகரிப்புத்" என்ற ஒரே சொல் இரண்டு தட்டில் பிளந்து "புத்" மேல் தட்டு விழுவதையும் பாருங்கள். இப்படிப்பட்ட நீண்ட சொற்களைப் பாட்டு ஏற்காது.

செய்தியைச் செயலாக உடைத்துக்கொள்ளுங்கள். மழை கூரையில் விழுகிறது, குழாயில் இறங்குகிறது, குழியில் சேர்கிறது. கூரை, குழாய், குழி என்று மூன்றுமே ககரத்தில் தொடங்குகின்றன. மோனை தானாகவே கையில் வந்து விழுந்துவிட்டது. முதல் அரையடியில் கூரையும் குழாயும், இரண்டாவதில் குழி:

கூ ரை யில் | பெய் த ம | ழை யைக் கு | ழாய் வ ழி
கூட் டிக் கு | ழி யி லே | சேர்த் தி டு | வோம்

"கூரையில் பெய்த மழையைக் குழாய்வழி கூட்டிக் குழியிலே சேர்த்திடுவோம்." பன்னிரண்டு, பத்து. கடைசி "வோம்" நெடிலாகவும் ஒற்றில் முடிவதாகவும் இருப்பதால் மூன்று இடத்துக்கும் தாராளமாக நீள்கிறது. முதலில் "குழியில்" என்று எழுதத் தோன்றும். அது மூன்று எழுத்து. அங்கே "கு" முன் தட்டுக்குப் போக, நான்கு வேண்டியிருப்பதால் "குழியிலே".

இதற்கு இணையாக அடுத்த அடி வேண்டும். முதற்சொல் "கூரை" என்பதால் இரண்டாம் எழுத்தில் ரகரம் வரும் சொல் இருந்தால் எதுகை கிடைக்கும். ஊர் கிடைத்தது. சேர்ந்த நீர் எங்கே போகிறது? கிணற்றில் ஊறுகிறது.

ஊ ரின் கி | ண றெல் லாம் | ஊ றிக் கி | டந் தி ட
உள் ளம் கு | ளிர்ந் தி டக் | கும் மி ய | டி

"ஊரின் கிணறெல்லாம் ஊறிக் கிடந்திட உள்ளம் குளிர்ந்திடக் கும்மியடி." கிணறும் எல்லாமும் சேர்ந்து "கிணறெல்லாம்" ஆனபோது ஓர் எழுத்து குறைந்து சரியான அளவுக்கு வந்திருக்கிறது. பிரித்து "கிணறு எல்லாம்" என்று பாடினால் ஒன்று மிகும். தாளில் எழுதிக் கொடுக்கும்போதும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள். பிரித்து எழுதினால் பிள்ளைகள் பிரித்தே பாடுவார்கள்.

யாப்பு தெரிந்த தமிழாசிரியர் "கும்மிக்கு வெண்டளை பார்த்தால் போதும்" என்கிறார். எழுத்தெண்ணுவதும் அதுவும் ஒன்றா?

அவர் சொல்வது பெரும்பாலும் சரி. ஓர் இடம் தவிர, இரண்டும் ஒரே விடையை இரண்டு வழியில் தருகின்றன. நேரசைக்கு எண்ணத்தக்க எழுத்து ஒன்று, நிரையசைக்கு இரண்டு. நேரில் தொடங்கும் சீரில் தட்டு முதல் எழுத்தில் விழும். நிரையில் தொடங்கும் சீரில் இரண்டாம் எழுத்தில் விழும். முதல் எழுத்து முந்தைய தட்டின் கடைசி இடத்துக்குப் போய்விடும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். தேமாவோ புளிமாவோ வந்தால், தட்டு விழுந்த எழுத்திலிருந்து இரண்டு எழுத்துதான் இருக்கும். ஓர் இடம் காலியாக நிற்கும். அடுத்த சீர் நிரையில் தொடங்கினால் அதன் முதலெழுத்து வந்து அந்த இடத்தை நிரப்பும். மாமுன் நிரை என்ற விதியின் வேலை இதுதான். கூவிளம், கருவிளம், தேமாங்காய், புளிமாங்காய் ஆகியவற்றில் தட்டிலிருந்து மூன்று எழுத்து நிறைந்துவிடும். அதனால் அடுத்தது நேரில் தொடங்க வேண்டும். விளமுன் நேர், காய்முன் நேர். மேலே உள்ள "ஊரின் கிணறெல்லாம் ஊறிக் கிடந்திட" என்பதை அலகிட்டால் தேமா, புளிமாங்காய், தேமா, கருவிளம் என்று வரும். தளை எங்கும் தட்டாது, எழுத்தும் மூன்று மூன்றாக நிற்கும்.

வெண்டளை மட்டும் பார்ப்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கூவிளங்காய்க்கும் கருவிளங்காய்க்கும் வெண்பாவில் தடையில்லை. கும்மியில் அவை தட்டுக்கு நான்கு எழுத்தைக் கொண்டுவந்து நெரிக்கும். "பூமியெல்லாம்" என்ற சீரைப் பாடிப் பாருங்கள். பூ, மி, யெல், லாம் என்று நான்கையும் மூன்று இடத்தில் திணிக்க வேண்டியிருக்கும். "மண்ணெல்லாம்" என்று மாற்றினால் மூன்றுக்குள் அடங்கும். யாப்பு தெரியாதவர் எழுத்தெண்ணினாலே இதைப் பிடித்துவிடலாம். யாப்பு தெரிந்தவருக்கு வரியை மனத்தில் ஓட்டும்போதே பிழை தெரிந்துவிடும் என்பதுதான் வசதி.

ஓர் எழுத்து மிகுந்துவிட்டால் அல்லது குறைந்துவிட்டால் வரியையே மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். தமிழில் ஓர் எழுத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதி அதிகம்.

குறைக்க முதல் வழி புணர்ச்சி. உகரத்தில் முடியும் சொல்லின் பின் உயிரில் தொடங்கும் சொல் வந்தால் சேர்த்துவிடுங்கள். "வீட்டுக்கு ஒரு மரம்" ஏழு எழுத்து. "வீட்டுக்கொரு மரம்" ஆறு. "வீட் டுக் கொ | ரு ம ரம்" என்று இரண்டு தட்டில் கச்சிதமாக அமரும். எல்லாப் புணர்ச்சியும் எழுத்தைக் குறைத்துவிடாது. "மழை என்று" என்பது "மழையென்று" ஆனாலும் நான்கு நான்குதான். உடம்படுமெய் வரும் இடத்தில் எண்ணிக்கை மாறாது, ஓட்டம் மட்டும் மென்மையாகும்.

அடுத்த வழி வினைச்சொல். "பெய்தது" மூன்று, "பெய்கிறது" நான்கு, "பெய்யும்" இரண்டு. காலத்தையும் வினைமுற்றையும் மாற்றினால் ஓரெழுத்து வித்தியாசம் எளிதில் கிடைக்கும். பேச்சு வடிவமான "பெய்யுது" என்பதற்கும் மூன்று எழுத்து. நாட்டுப்புற மெட்டில் பேச்சு வடிவம் அழகாகவே இருக்கும். ஒரே பாட்டில் ஒரு வரி "பெய்கிறது" என்றும் அடுத்த வரி "ஓடுது" என்றும் கலக்காமல், ஒரு நடையைப் பிடித்துக்கொண்டு அதையே கடைசிவரை கொண்டுபோங்கள்.

கூட்டுவதற்கு வேற்றுமை உருபும் சாரியையும் கைகொடுக்கும். "கரையில்" என்பதைக் "கரையினில்" ஆக்கலாம், "எங்கள்" என்பதை "எங்களின்" ஆக்கலாம். "செய்ய" என்பதைச் "செய்திட" ஆக்குவது மிகவும் பழகிய வழி. பழகியதாலேயே அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. காட்டிட, ஊட்டிட, நாட்டிட என்று ஒவ்வொரு தட்டிலும் வரத் தொடங்கினால் பாட்டில் பொருளே இல்லாமல் போய்விடும். மேலே நான் எழுதிய இரண்டாவது அடியிலேயே "கிடந்திட", "குளிர்ந்திட" என்று இரண்டு வந்துவிட்டன. ஓர் அடிக்கு அதற்கு மேல் போகாதீர்கள். "நல்ல", "அந்த", "தான்" ஆகியவற்றையும் கடைசி நேரத்துக் கைம்மருந்தாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக், தலைமை ஆசிரியர் போன்ற சொற்கள் கட்டாயம் வர வேண்டும் என்கிறார்கள். அவற்றை எப்படி அமைப்பது?

பிளாஸ்டிக் என்று எழுதினால் மூன்று எழுத்து. பிள்ளைகள் உச்சரிக்கும்போது "பி" பாதி மறைந்து இரண்டாகிவிடும். எழுதியதை எண்ணி, பாடியதில் குறைந்து, அந்தத் தட்டு தடுமாறும். பிறமொழிச் சொல்லை எப்போதும் பிள்ளையின் வாயால் சொல்லவைத்துக் கேட்டுவிட்டு எண்ணுங்கள். அல்லது நெகிழி என்று வையுங்கள்:

நெ கி ழிப் | பை க ளை | வீ சி எ | றி யா மல்
நீர் நி லை | காத் தி டக் | கும் மி ய | டி

இங்கே கவனிக்க ஒன்று இருக்கிறது. அடியின் தொடக்கச் சொல் குறிலில் தொடங்கினால் பாதிப் பிள்ளைகள் "நெ" மேலும் மீதிப் பேர் "கி" மேலும் தட்டுவார்கள். இந்த வரியில் "நெ" மேல்தான் முதல் தட்டு என்று முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும். குழப்பமே வேண்டாமென்றால் அடியை நெடிலிலோ ஒற்றடுத்த எழுத்திலோ தொடங்குங்கள்.

பதவிப் பெயர்களில் அதிர்ஷ்டம் பார்த்துத்தான் அமையும். "மாவட்ட ஆட்சியர்" என்பது "மா வட் ட | ஆட் சி யர்" என்று இரண்டு தட்டில் தானாகவே உட்காரும். "தலைமை ஆசிரியர்" ஏழு எழுத்து. "யர்" மட்டும் தனியாக அடுத்த தட்டுக்குத் தள்ளப்படும். "தலைமை ஆசிரியர்களும்" என்று பன்மையாக்கினால் ஒன்பதாகும். ஆனால் பள்ளியில் தலைமை ஆசிரியர் ஒருவர்தான் இருப்பார் என்பதால் "ஆசிரியர்களும்" என்று பொதுவாகச் சொல்லிவிடுவது நல்லது. அது ஆறு எழுத்து, இரண்டு தட்டு. தனிப்பட்டவர்களின் பெயரைப் பாட்டில் சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நன்றியுரையில் சொல்லிக்கொள்ளலாம்.

பழைய பாட்டில் வரியின் கடைசியில் "நல்ல", "இந்த" என்று ஒரு சொல் தொங்குகிறது. அதையும் எண்ண வேண்டுமா?

அது தனிச்சொல். கடைசித் தட்டில் ஓர் எழுத்து போக, காலியாக இருக்கும் இரண்டு இடத்தில் அது அமர்கிறது. அதனால்தான் அது எப்போதும் இரண்டெழுத்துச் சொல்லாக இருக்கிறது. "டி இந் த" என்று சேர்த்தால் மூன்று. பொருளால் அது அடுத்த அடியோடு சேர்ந்தது, தாளத்தால் இந்த அடியில் இருக்கிறது.

மெட்டில் அது இருந்தால் நீங்களும் வைக்கலாம். ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் மூச்சு வாங்கும் இடமும் அதுதான். சுற்றி நடந்து, குனிந்து நிமிர்ந்து, கையும் தட்டிக்கொண்டு பாடுபவர்களுக்கு அந்த இரண்டு இடம் இல்லாவிட்டால் அடுத்த அடியின் முதல் தட்டு குரலில்லாமல் போகும். நின்று பாடும் குழு தனியாக இருந்தால் தனிச்சொல்லை அவர்களிடம் கொடுத்துவிட்டு, ஆடுபவர்களை மூச்சு வாங்கவிடுங்கள். ஆடுபவர்களே பாடினால் தனிச்சொல்லை விட்டுவிடுவதே என் தேர்வு.

மோனை, எதுகை கட்டாயமா?

மோனை கிட்டத்தட்டக் கட்டாயம். முதல் தட்டும் ஐந்தாம் தட்டும் ஒரே ஓசையில் தொடங்கினால் இரண்டாம் அரையடி எங்கே தொடங்குகிறது என்று பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கும். "கூரை – கூட்டி", "ஊரின் – உள்ளம்", "நெகிழி – நீர்நிலை" எல்லாம் அதற்காகத்தான். இ, ஈ, எ, ஏ ஒன்றுக்கொன்று மோனையாகும் என்பதால் "நெ"வும் "நீ"யும் பொருந்துகின்றன. எதுகை கிடைத்தால் நன்று. அதற்காகப் பொருளை வளைக்காதீர்கள்.

தாலாட்டு, தெம்மாங்கு மெட்டுக்கும் இதே முறைதானா?

தெம்மாங்கு மெட்டு நான்காக ஓடினால் "தகதிமி" சொல்லி, தட்டுக்கு நான்கு இடமாகக் கட்டம் போடுங்கள். மற்றதெல்லாம் இதேதான். அங்கே மேலே தள்ளிய "பூமியெல்லாம்" நன்றாகப் பொருந்தும். தாலாட்டு இப்படிக் கட்டுப்படாது. அது தட்டுக்குப் பாடும் பாட்டல்ல. பாடுபவர் விருப்பம்போல் ஈற்றெழுத்தை நீட்டிக்கொள்வார். ஒரு குழுவாகப் பிள்ளைகள் சேர்ந்து பாட வேண்டிய நிகழ்ச்சிக்குத் தாலாட்டு மெட்டை நான் பரிந்துரைப்பதில்லை.

மூன்று நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை அடி எழுத வேண்டும்?

தட்டை வைத்தே கணக்குப் போடலாம். கடிகாரத்தைப் பார்த்து உங்கள் மெட்டில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணுங்கள். 90 தட்டு என்று வைத்துக்கொள்வோம். ஓர் அடிக்கு எட்டு. ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடினால் பதினாறு. நான்கடிக் கண்ணி ஒன்றுக்கு 64 தட்டு, ஏறக்குறைய 43 விநாடி. நான்கு கண்ணிக்கு மூன்று நிமிடம் ஆகிவிடும். மேடைக்கு வந்து வட்டமாக நிற்கவும் வணங்கி வெளியேறவும் நேரம் வேண்டும். மூன்று கண்ணி எழுதினால் போதும்.

எழுதி முடித்தாயிற்று. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முன் எப்படிச் சோதிப்பது?

நீங்களே பாடிச் சோதித்தால் பிழை தெரியாது. எழுதியவரின் நாக்கு மிகுந்த எழுத்தை விழுங்கியும் குறைந்த எழுத்தை நீட்டியும் தானாகவே சரிசெய்துவிடும். வரியைப் பார்க்காத இரண்டு பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். ஒருவர் ஒரே வேகத்தில் தட்டட்டும், எதற்காகவும் நிறுத்தக் கூடாது. இன்னொருவர் வரியை மெட்டில்லாமல் தட்டுக்கு ஏற்ப வாசிக்கட்டும். மெட்டைச் சேர்த்தால் அது பிழையை மறைத்துவிடும். அதனால் முதலில் வாசிப்பு மட்டும் போதும். கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு, தாளைப் பார்க்காமல் கேளுங்கள்.

வாசிப்பவர் ஓர் இடத்தில் அவசரப்பட்டால் அங்கே எழுத்து மிகை. தேவையில்லாமல் இழுத்தால் குறை. இரண்டுமில்லாமல் சொல் மட்டும் புரியவில்லை என்றால் தட்டு தவறான எழுத்தில் விழுகிறது. மூன்று விதமான பிழைக்கும் மருந்து வெவ்வேறு என்பதால், எந்த வகை என்று வரியின் ஓரத்தில் குறித்துக்கொண்டு திருத்துங்கள். திருத்திய வரியை இன்னொரு ஜோடிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். முதல் ஜோடிக்கு வரி பழகிவிட்டிருக்கும். பிறகு எல்லாரும் வட்டமாகச் சுற்றிக்கொண்டே ஒருமுறை பாடட்டும். நின்று பாடும்போது சரியாக இருந்த வரி, கால் நகரும்போது மூச்சுக்கு இடமில்லாமல் உடைவதுண்டு. அப்படி உடைந்தால் அந்த அடியின் ஈற்றிலுள்ள தனிச்சொல்லை எடுத்துவிடுங்கள், அல்லது கடைசிக்கு முந்தைய தட்டில் இருக்கும் நெடில்களில் ஒன்றைக் குறிலாக மாற்றுங்கள்.